டெரிகாட்டன் சட்டை ஏன் பிரியாது: பழைய கலப்புத் துணியை தரம் பிரிக்க ஒரு முழு வழிகாட்டி

மே மாசம் ஸ்கூல் லீவு விட்டாச்சுன்னா சென்னை கொருக்குப்பேட்டையில எங்க பழைய துணி குடோனுக்கு வர்ற மூட்டையில பாதி யூனிஃபார்ம்தான். வெள்ளை சட்டை, காக்கி அரை டிராயர், நீல சுடிதார், இங்க் கறை, கிழிஞ்ச பாக்கெட்டுன்னு வந்து குவியும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பக்கத்து தெரு காயலான் கடையில காலி தண்ணி பாட்டிலை எடை போட்டு காசு குடுத்து வாங்குவாங்க, அதே பாட்டில் பிளாஸ்டிக்தான் இந்த சட்டையில மூணுல ரெண்டு பங்கு கிட்ட இருக்கு, ஆனா சட்டையை நீட்டினா "துணி வேணாம்பா, எட்த்துட்டு போ"ன்னுடுவாங்க. பாட்டில்ல இருக்கிற பெட் பிளாஸ்டிக்கும் சட்டையில இருக்கிற பாலியஸ்டரும் ஒண்ணேதான். சட்டையில இருக்கிற மீதி பங்கு பருத்திதான் அத்தனை பிரச்சனைக்கும் காரணம்.

நம்ம அப்பா காலத்துல டெரிகாட்டன்னு சொன்ன துணிதான் இப்போ பாலிகாட்டன், லேபிள்ல பி/சின்னு போட்டிருக்கும். ஸ்கூல் சட்டை, செக்யூரிட்டி யூனிஃபார்ம், ஆஸ்பத்திரி பெட்ஷீட், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல குவிச்சு போட்டு விக்கிற ஃபார்மல் சட்டை எல்லாத்துலயும் இதுதான் அதிகம். 65 பங்கு பாலியஸ்டர் 35 பங்கு காட்டன்னு ரொம்ப ஜாஸ்தி ஓடும், இதுக்கு கொஞ்சம் மேல கீழயும் வரும். பழைய துணி எடுக்கிறவங்க, அபார்ட்மென்ட்ல துணி சேகரிக்கிறவங்க, சின்னதா ரீசைக்கிளிங் ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறவங்க இதை எப்படி கண்டுபிடிக்கிறது, எங்க அனுப்பறது, ஏன் பிரிக்க முடியலங்கிறதை நான் செஞ்சு பார்த்த வரிசையிலயே எழுதுறேன்.

முதல்ல என் அடி வாங்கின கதையை சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும். தொழில்ல இறங்கின புதுசுல ஈரோடு பக்கம் ஒரு நூல் மில்லுக்கு "வெள்ளை காட்டன்"னு சொல்லி ஒரு லோடு அனுப்பினேன், பனியன், பழைய வேட்டி, கூடவே வெள்ளையா இருந்த சட்டை எல்லாத்தையும் சேர்த்து. கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைதானே. பத்து பதினஞ்சு நாள் கழிச்சு போன் வந்துச்சு, நூல் எடுத்து நெய்யிறவருக்கு போய் அவரு மெரூன் கலர் சாயம் போட்டாராம், துணி பூரா பூனை முடி ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா இழை தெரியுதாம். காட்டனுக்கு போடுற ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டர்ல பிடிக்கவே பிடிக்காது, அதுக்கு டிஸ்பர்ஸ் சாயம்னு வேற ரகம், அதையும் பிரஷர்ல 130 டிகிரி வரைக்கும் சூடாக்கினாதான் உள்ள இறங்கும். அதனால என் சட்டையில இருந்த பாலியஸ்டர் மட்டும் அப்படியே வெள்ளையா நின்னுடுச்சு. மிச்ச மூட்டை லாரி வாடகையோட திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு துணியா உருவிப் பாக்க ஆரம்பிச்சேன்.

ஸ்டெப் 1: லேபிளை படிங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க

கழுத்துக்குப் பின்னாடியோ உள் பக்க தையல்லயோ லேபிள் இருக்கும். பழைய துணியில பாதிக்கு மேல அது இருக்காது, குத்துதுன்னு வெட்டி எறிஞ்சிருப்பாங்க. இருந்தாலும் அது மேல் துணிக்கு மட்டும்தான் பேசும். "100% காட்டன்"னு போட்ட சட்டையிலயே தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர், காலர் உள்ள ஒட்டி இருக்கிற கேன்வாஸ் வேற, பட்டன் வேற. லேபிள் பாத்து மூணு குவியலா போடுங்க: காட்டன்னு சொல்றது, கலப்புன்னு சொல்றது, ஒண்ணும் சொல்லாதது. மூணாவது குவியல்தான் எப்பவும் மலை மாதிரி இருக்கும். இதுல ரொம்ப நேரம் செலவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 2: நூலை உருவிப் பாருங்க

மொத்த வேலையில முக்கியமானது இதுதான், இதுக்கு மெஷினே வேணாம். துணி ஓரத்துல ஒரு சின்ன வெட்டு போட்டு நீள வாக்குல ஒரு நூல், குறுக்கு வாக்குல ஒரு நூல்னு ரெண்டு உருவுங்க. நெசவுக்காரங்க பாஷையில பாவு ஒண்ணு, ஊடை ஒண்ணு. ரெண்டையும் கறுப்பு அட்டை மேல வெச்சு, முறுக்குக்கு எதிர் பக்கமா விரல்ல உருட்டி பிரிச்சு விடுங்க.

இப்போ ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒரு நூல் பளபளன்னு தொடர்ந்து நீளமா போற இழைகளா பிரியும், இன்னொண்ணு பஞ்சு மாதிரி சின்ன சின்ன முடியா பிரிஞ்சு வந்துச்சுன்னா, அது நெய்யும்போது கலந்த துணி. பாவு பாலியஸ்டர், ஊடை காட்டன்னு (இல்ல மாத்தி) போட்டிருப்பாங்க. சில புடவை, சில திரைச்சீலை, டவல் மாதிரி ஐட்டத்துல வரும். அதுல ரெண்டு பொருளும் வேற வேற நூலா இருக்கு, தனித்தனியா உருவ முடியும், கூலிதான் கட்டுப்படியாகாது. பனியன் துணியிலயும் இந்த மாதிரி உண்டு, ஸ்வெட் ஷர்ட் முன் பக்கம் காட்டனாவும் உள் பக்க லூப்பு பாலியஸ்டராவும் இருக்கும், அங்கயும் நூல் லெவல்லதான் கலப்பு.

ஆனா ரெண்டு நூலுமே ஒரே மாதிரி சின்ன முடியா பிரிஞ்சா, ஒண்ணு அது ஒரே பொருள்ல செஞ்ச துணி, இல்லைன்னா ஒவ்வொரு நூலுக்குள்ளயும் ரெண்டும் கலந்திருக்கு; எதுன்னு அடுத்த ஸ்டெப்ல கொளுத்தினாதான் தெரியும். ஸ்கூல் சட்டை அநேகமா நூலுக்குள்ளயே கலந்ததுதான். டெரிகாட்டன் ஏன் பிரியாதுங்கிறதுக்கு பதில் இங்கதான் இருக்கு, கொஞ்சம் நின்னு பாருங்க.

மில்லுல பாலியஸ்டரை முதல்ல இழையா உருக்கி இழுக்கிறாங்க, அப்புறம் அதை வேணும்னே 38 மில்லி மீட்டர் அளவுக்கு நறுக்குறாங்க. ஏன் 38? பருத்தி முடியோட நீளம் கிட்டத்தட்ட அந்த அளவுக்குள்ள வர்றதால. தடிமனும் பருத்தி மாதிரியே 1.2, 1.4 டெனியர்னு வெச்சுடுவாங்க. அப்புறம் ரெண்டையும் மூட்டை பிரிக்கிற ப்ளோ ரூம்லயோ, அடுத்து டிரா ஃபிரேம்லயோ சேர்த்து திரும்ப திரும்ப இழுத்து கலக்கிறாங்க. ஒரே பக்கம் ஒரே பொருள் திட்டா நின்னுடக்கூடாது, துணி முழுக்க ஒரே சீரா இருக்கணும், அதுதான் அவங்க கெட்டிக்காரத்தனம். ஜாதகம் பாத்து பொருத்தி வெச்ச மாதிரி நீளம், தடிமன் எல்லாம் பொருந்தி கலந்தாச்சு. அதுக்கப்புறம்தான் முறுக்கி நூல் ஆக்குறாங்க.

கணக்கு போட்டு பாத்தா இன்னும் தெளிவா தெரியும். சட்டை துணிக்கு வர்ற 40 நம்பர் நூலை குறுக்கே வெட்டினா உள்ள ஏறக்குறைய 90, 95 இழை இருக்கும். ரெண்டு ஜாதியும் கலந்து, ஒண்ணோட ஒண்ணு முறுகி, ஒவ்வொண்ணும் 38 மில்லி நீளத்துலயே முடிஞ்சு அடுத்ததுக்கு இடம் குடுத்துட்டு போகும். 200 கிராம் சட்டையில இந்த நூல் சுமார் 13 கிலோமீட்டர் இருக்கு, வண்ணாரப்பேட்டையில ஒரு முனையை கட்டிட்டு நடந்தா எண்ணூர் பக்கம் போயிடலாம். அந்த 13 கிலோமீட்டர் முழுக்க, தலைமுடியை விட மெலிசா இருக்கிற இழையை ஒவ்வொண்ணா எடுத்து ரெண்டு டப்பாவுல போடணும். கையால நடக்கிற காரியமா?

சரி, மெஷின்ல கிழிச்சா? கிழிக்கிற மெஷின் ஆணி அடிச்ச உருளையால துணியை பிச்சு பஞ்சாக்கும், ஆனா அது பிரிக்கிறதில்ல, கலந்ததை கலந்தபடியே பஞ்சாக்கிக் குடுக்கும். கூடவே இழை அறுந்து குட்டையாயிடும். 38 மில்லி இருந்தது பாதிக்கும் கீழ வந்துச்சுன்னா நல்ல நூலுக்கு லாயக்கில்ல. "காத்துல ஊதி பிரிக்கலாமே, எடை வித்தியாசம் இருக்கே"ன்னு ஒரு இன்ஜினியரிங் படிக்கிற பையன் கேட்டான். இருக்குதான், காட்டன் 1.54, பாலியஸ்டர் 1.38 அடர்த்தி. ஆனா ரெண்டும் ஒரே நீளம் ஒரே மெலிசுல சிக்கு பிடிச்சு கெடக்கும்போது காத்தடிச்சா ரெண்டும் சேர்ந்தேதான் பறக்கும்.

ஸ்டெப் 3: கொளுத்திப் பாருங்க (ஜாக்கிரதையா)

தகர மூடியில கொஞ்சம் தண்ணி, ஒரு இடுக்கி, ஒரு லைட்டர். மூட்டை கிட்ட செய்யாதீங்க, வெளிய வாசல்ல வந்து செய்யுங்க, குடோன் பூரா பஞ்சு தூசி. உருவின நூல்ல நாலஞ்சு சேர்த்து ரெண்டு இஞ்ச் அளவுக்கு முறுக்கி இடுக்கியில பிடிச்சு நெருப்பு கிட்ட மெதுவா கொண்டு போங்க. கிட்ட போகும்போதே என்ன ஆகுதுன்னு பாருங்க, பத்தின அப்புறம் இல்ல.

காட்டன் சுருங்காது, டக்குனு பத்தும், நெருப்பை எடுத்தாலும் எரியும், அணைஞ்ச அப்புறமும் நுனியில கங்கு மாதிரி செவப்பா ஓடும். பேப்பர் எரிஞ்ச வாசனை. சாம்பல் தொட்டா பொடியாயிடும். பாலியஸ்டர் நெருப்பு கிட்ட வரும்போதே பயந்து சுருங்கும், உருகும், கறுப்பு புகை, சொட்டும், ஆறினா மணி மாதிரி கெட்டியா நிக்கும், நகத்தால நசுக்க முடியாது.

கலப்பு எப்படி இருக்கும்? இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பாதி உருகி பாதி எரியும்னு எதிர்பார்ப்பாங்க, அப்படி நடக்காது. காட்டன் திரி மாதிரி நின்னு உருகின பாலியஸ்டரை கீழ சொட்ட விடாம தாங்கிப் பிடிச்சுக்கும், அதனால தனி பாலியஸ்டரை விட வேகமா எரியும். விளக்குல எண்ணெயும் திரியும் மாதிரி. எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் துணி வடிவத்துலயே கறுப்பா கொஞ்ச நேரம் நிக்கும். விரல்ல வெச்சு தேய்ச்சா பவுடருக்கு நடுவுல கடுகை விட சின்னதா கெட்டியான குருணை தட்டுப்படும். அந்த குருணை இருந்தா கலப்பு. எங்க குடோன்ல இருபது வருஷமா தரம் பிரிக்கிற அக்கா கண்ணைக் கூட திறக்காம சொல்லும், "தம்பி, இதுல மணலு கீதுடா, அந்த பக்கம் போடு."

இந்த டெஸ்ட் எதை சொல்லாதுங்கிறதும் தெரிஞ்சிருக்கணும். எத்தனை பங்கு பாலியஸ்டர்னு சொல்லாது, இருக்கா இல்லையான்னு மட்டும்தான். ரொம்ப கம்மியா இருந்தா அதுவும் தெரியாம போகலாம். அடுத்து, விஸ்கோஸ் காட்டன் மாதிரியேதான் எரியும், ரெண்டும் செல்லுலோஸ்தான். பேன்ட் துணியில பாலியஸ்டர் விஸ்கோஸ் கலப்பு ரொம்ப சகஜம், அதை பாலிகாட்டன்னு நினைச்சுடுவீங்க. பங்கு எவ்வளவுன்னு கட்டாயம் தெரியணும்னா டெக்ஸ்டைல் டெஸ்டிங் லேப்லதான் குடுக்கணும். அங்க 75 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட்ல 50 டிகிரியில ஒரு மணி நேரம் வெப்பாங்க, காட்டன் கரைஞ்சு போய் பாலியஸ்டர் மட்டும் நிக்கும், அதை கழுவி காய வெச்சு எடை போட்டா கணக்கு வந்துடும். என் லோடுல எவ்வளவு பாலியஸ்டர் இருந்துச்சுன்னு அந்த மில்லுக்காரர் இப்படித்தான் கண்டுபிடிச்சார். இதை வீட்டுல செய்யவே செய்யாதீங்க, ஆசிட் துணியை கரைக்கிறதுக்கு முன்னாடி உங்க கையை கரைச்சுடும்.

தண்ணி சொட்டு டெஸ்ட்னு ஒண்ணும் சொல்லுவாங்க. காட்டன் ஈரத்தை இழைக்குள்ளயே இழுக்கும், பாலியஸ்டர் ஏறக்குறைய இழுக்கவே இழுக்காது. சாதாரண காத்துலயே காட்டன் 8 சதவீதம் வரைக்கும் ஈரம் பிடிச்சு வெச்சுக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம் கூட கிடையாது. ஆனா சுருக்கம் விழாம இருக்க போட்ட ஃபினிஷ், கறை ஒட்டாம இருக்க போட்ட கோட்டிங் இருந்தா சொட்டு பொய் சொல்லிடும். அதனால இதை நான் தனியா நம்பறதில்ல.

ஸ்டெப் 4: வெட்ட வேண்டியதை வெட்டுங்க

பட்டன், ஜிப், ஹூக் எடுத்தாகணும், மெஷின்ல ஆணி வளைஞ்சிடும், இரும்புல உரசி தீப்பொறி வந்தா பஞ்சு பத்திக்கும். காலரையும் கஃப்பையும் முழுசா வெட்டி தனியா போடுங்க, உள்ள கேன்வாஸ் பசையால ஒட்டி இருக்கும், அது வேற பிளாஸ்டிக். இடுப்பு எலாஸ்டிக்கும் ரப்பரும் போகணும். லெக்கிங்ஸ், ஸ்ட்ரெச் ஜீன்ஸ் மாதிரி ஸ்பான்டெக்ஸ் கலந்தது இருந்தா மொத்தமா ஒதுக்குங்க. ரெண்டு மூணு சதவீதம்தானேன்னு விட்டுடாதீங்க, அது கிழியாம நீண்டு நீண்டு உருளையில சுத்திக்கும், மெஷினை நிறுத்தி கத்தியால அறுத்துதான் எடுக்கணும்.

ஸ்டெப் 5: எது எங்க போகும்

நல்லா இருக்கிற சட்டை சட்டையாவே போகட்டும். இங்க் கறை போகலைனாலும் பட்டன் நாலு போயிருந்தாலும் சரி பண்ணி போட ஆளு இருக்காங்க, கலப்புத் துணிக்கு இதை விட லாபமான வழி இன்னைக்கு கிடையாது. டெரிகாட்டன் சீக்கிரம் கிழியவும் கிழியாது.

சுத்த காட்டன் பனியன், வேட்டி வேஸ்ட் துணியா போகும். காசிமேட்டுல போட் இன்ஜின் பாக்கிற மெக்கானிக்குங்க கிலோ கணக்குல வாங்குவாங்க. அவங்களுக்கு கலப்பை குடுத்தா சண்டைதான் வரும். தண்ணியை சரியா உறிஞ்சாதுங்கிறது ஒரு பக்கம், பெரிய தொல்லை என்னன்னா பாலியஸ்டர் 250 டிகிரி தாண்டினா உருகிடும், ஓடி நிறுத்தின இன்ஜினோட எக்ஸாஸ்ட் பைப் அதை விட சூடா இருக்கலாம், துடைச்ச துணி பைப்புல பசை மாதிரி ஒட்டிக்கும், கையில ஒட்டினா தோலோட உரியும். கலர் பிரிச்ச சுத்த காட்டன், குட்டை இழையிலயும் தடிச்ச நூல் நூக்கிற ஓ.ஈ. மில்லுக்கு போய் தரை விரிப்பு, மாப்பு, டவல் நூலா திரும்ப வரும்.

கலப்பு துணிக்கு மிச்சம் இருக்கிற இடம்: கிழிச்சு மெத்தை, சோஃபா, வண்டி சீட்டுக்கு அடியில போடுற ஃபெல்ட், சத்தம் அடக்கிற பட்டை. துணி திரும்ப துணி ஆகுறதில்ல, ஒரு படி கீழ இறங்குது. அந்த ஃபெல்ட்டோட ஆயுசு முடிஞ்சா அதுக்கு அடுத்த இடம் கொடுங்கையூர் குப்பைமேடு மாதிரி ஒண்ணுதான்.

பாட்டில் மாதிரி உருக்கி திரும்ப இழை எடுக்கலாமேன்னா, பாலியஸ்டரை உருக்க 260, 270 டிகிரி வேணும், காட்டன் உருகவே உருகாது, அந்த சூட்டுல கருகும். கருகின துகள் உருகின பிளாஸ்டிக்குக்குள்ள கலந்து ஃபில்டரை அடைச்சுடும், வர்ற இழை பழுப்பாகி அறுந்து அறுந்து விழும்.

ஸ்டெப் 6: கெமிக்கல்ல பிரிச்சா என்ன ஆகும், 10 கிலோ கணக்கு

கையாலயும் முடியாது மெஷினாலயும் முடியாதுன்னா மிச்சம் இருக்கிறது, ஒண்ணை கரைச்சு இன்னொண்ணை நிக்க வைக்கிறது. இதுல எதை பலி குடுக்கிறோம்னு முதல்ல முடிவு பண்ணணும். ரெண்டுமே இழையா முழுசா வேணும்னா நடக்காது.

ஒரு வழி காஸ்டிக் சோடா. காட்டன் காரத்துக்கு நல்லா தாங்கும், பாலியஸ்டர் தாங்காது, உடைஞ்சு அதோட மூலப்பொருளாகி தண்ணியில கரைஞ்சுடும். இது ஒண்ணும் புது விஷயமில்ல, பாலியஸ்டர் புடவை பட்டு மாதிரி மெத்துன்னு இருக்கணும்னு பிராசசிங் யூனிட்டுங்கள்ல காஸ்டிக்ல போட்டு எடை குறைப்பாங்க, வெயிட் ரிடக்‌ஷன்னு பேரு. அதையே முழுசா கரையிற வரைக்கும் விட்டா இந்த முறை. 70லிருந்து 90 டிகிரி சூடு, சில மணி நேரம், கூட கொஞ்சம் கேட்டலிஸ்ட். ஸ்வீடன்ல ஆராய்ச்சிக்காரங்க பாலிகாட்டனை இப்படி பிரிச்சு காட்டியிருக்காங்க.

இப்போ நம்ம யூனிஃபார்ம்ல காலர் பட்டன் எல்லாம் வெட்டின 10 கிலோ துணியை எடுத்துக்கலாம். 65/35னா 6.5 கிலோ பாலியஸ்டர், 3.5 கிலோ காட்டன். பாலியஸ்டரோட ஒரு அலகு எடை 192, அதை உடைக்க 80 எடை காஸ்டிக் வேணும். அதனால 6.5 கிலோவுக்கு 2.7 கிலோ காஸ்டிக் செலவாகும். திரும்ப கிடைக்கிறது டெரெப்தாலிக் ஆசிட் 5.6 கிலோ, எத்திலீன் கிளைக்கால் 2.1 கிலோ. கேக்கவே நல்லா இருக்கே, பாட்டிலுக்கும் துணிக்கும் திரும்ப பாலியஸ்டர் செய்யிற மூலப்பொருள் ரெண்டும் கையில வந்துடுச்சேன்னு தோணும். இதெல்லாம் துளி சேதாரம் இல்லாம நடந்தா வர்ற கணக்கு, நிஜத்துல இன்னும் கம்மியாத்தான் வரும்.

ஆனா அந்த டெரெப்தாலிக் ஆசிட் உப்பா தண்ணியில கரைஞ்சு கெடக்கு, அதை வெளிய எடுக்க சல்ஃப்யூரிக் ஆசிட் ஊத்தி புளிப்பாக்கணும், அப்பதான் வெள்ளை பொடியா கீழ படியும். 10 கிலோ துணிக்கு அதுக்கு 3.3 கிலோ ஆசிட். அது சோடியம் சல்ஃபேட்டா மாறும், 4.8 கிலோ. எடுத்த பொருள் 5.6, உப்பு 4.8.

இதுவும் பேப்பர் கணக்குதான். துணி நனையணுமே, ஒரு கிலோவுக்கு 20 லிட்டர்னு வெச்சாலும் 200 லிட்டர் தண்ணி, அதுல 10 சதவீதம் காஸ்டிக்னா 20 கிலோ போட்டாகணும். செலவானது 2.7, மிச்சம் 17.3 கிலோ தண்ணியிலயே இருக்கு. அந்த தண்ணியில ஒரே தடவை துணி போட்டுட்டு புளிப்பாக்கினா மொத்த 20 கிலோ காஸ்டிக்கையும் அடக்க 24.5 கிலோ ஆசிட், கடைசியில 35 கிலோவுக்கு மேல உப்பு. 10 கிலோ பழைய சட்டைக்கு 35 கிலோ உப்பு! அதனால அதே தண்ணியில திரும்ப திரும்ப புது துணி போட்டு காஸ்டிக் தீர்ற வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம்தான் ஆசிட் ஊத்தணும். தீரத் தீர வேகம் குறையும், நேரம் ஆகும், துணியில இருக்கிற சாயமும் அழுக்கும் அந்த தண்ணியில சேர்ந்துக்கிட்டே போகும்.

உப்பு தண்ணியை எங்க விடறது? சாயத் தண்ணியும் உப்பும் நொய்யல்ல போனதுக்காக 2011ல சென்னை ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கொசஸ்தலையையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு வாழற நம்ம ஊரு ஆளுங்களுக்கு இதை தனியா சொல்ல வேண்டியதில்ல. தண்ணியை கொதிக்க வெச்சு உப்பை எடுக்கிற பிளான்ட் இல்லாம இந்த வேலையில இறங்கவே கூடாது, குடோன் பின்னாடி டிரம் வெச்சு செய்யிற வேலை இல்ல இது.

சரியா நடக்கலைன்னா எப்படி தெரியும்? மிஞ்சின காட்டனை லேப்ல மறுபடி அந்த 75 சதவீத ஆசிட் டெஸ்ட்ல போட்டு பாப்பாங்க, ஏதாவது கரையாம நின்னா பாலியஸ்டர் முழுசா போகல. இன்னொண்ணு கலர். படியற பொடி வெள்ளையா இல்லாம மஞ்சளாவோ நீலமாவோ இருந்தா டிஸ்பர்ஸ் சாயம் கூடவே வந்திருக்கு, அதை சுத்தம் பண்ணாம திரும்ப பாலியஸ்டர் செஞ்சா வெள்ளை நூல் வரவே வராது. வெள்ளை ஸ்கூல் சட்டைக்கு இதுல ஒரு லாபம் உண்டு, நீல சுடிதாருக்கு கிடையாது. கடைசியா மிஞ்சின 3.5 கிலோ காட்டனும் புது பருத்தி இல்ல, நூறு தடவை துவைச்சு, அயர்ன் பண்ணி, வெயில்ல காஞ்சு உள்ளயே பலம் போனது. அதை கரைச்சு விஸ்கோஸ் மாதிரி இழை எடுக்கலாம், நேரா நூல் நூக்கிறது கஷ்டம்.

இன்னொரு வழி இதுக்கு நேர் எதிர்: காட்டனை பலி குடுத்து பாலியஸ்டரை இழையாவே காப்பாத்துறது. ஹாங்காங்ல இருக்கிற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இதை செஞ்சு காட்டியிருக்கு, சூடு, தண்ணி, பிரஷர், கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் மாதிரி ஒரு புளிப்பு. புளிப்பும் சூடும் சேர்ந்தா செல்லுலோஸ் சங்கிலி துண்டு துண்டா அறுந்துடும், காட்டன் பவுடரா உதிரும், பாலியஸ்டர் இழை அப்படியே நிக்கும். நம்ம 10 கிலோவுல இங்க 6.5 கிலோ பாலியஸ்டர் பஞ்சு கிட்டத்தட்ட முழுசா கிடைக்கணும், உப்பு தொல்லை ரொம்ப கம்மி. பாலியஸ்டர் ஜாஸ்தி இருக்கிற துணிக்கு, அதாவது நம்ம யூனிஃபார்முக்கு, என் கணக்குல இதுதான் பொருத்தம். ஆனா பிரஷர் பாத்திரம் வேணும், முதலீடு பெருசு, அந்த காட்டன் பவுடரை வாங்க ஆளும் வேணும்.

ரெண்டு வழியையும் கெடுக்கிற ஒண்ணு இருக்கு, "நோ அயர்ன்", "ரிங்கிள் ஃப்ரீ"ன்னு விக்கிற சட்டை. அதுல காட்டன் சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணு ரெசின் போட்டு கட்டிடுவாங்க, அதனாலதான் கசங்காது. அப்படி கட்டினது பின்னாடி கரைச்சு இழை எடுக்கும்போது சரியா கரையாம ஜெல்லி மாதிரி கட்டி கட்டியா நிக்கும். லேபிள்ல அந்த வார்த்தை இருந்தா தனி குவியல், இது என் அனுபவத்துல யாருமே செய்யாத ஒரு பிரிப்பு.

இந்த மே மாசம் வந்த யூனிஃபார்ம்ல போடற மாதிரி இருந்த சட்டையை தையல் பாத்து அனுப்பியாச்சு. மிச்சத்துல காலர் வெட்டின வெள்ளை ஒரு மூட்டை, கலர் ஒரு மூட்டை, ஸ்ட்ரெச் ஒரு மூட்டை. ஃபெல்ட் போடுறவரு கலரை எடுத்துக்கிட்டாரு. வெள்ளை மூட்டையை அக்கா சிவப்பு சாக்குல கட்டி மேல "டெ.கா"ன்னு மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கு, மறந்தும் யாரும் காட்டன் லோடுல ஏத்திடக்கூடாதுன்னு.